ஓரத்து இரண்டு மில்லிமீட்டர்

வளைந்த ஓரத் திரை அழகு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கடையில் போன்களை வரிசையாக வைத்திருந்தால் கண் முதலில் போய் நிற்பது அதன்மேல்தான். நேராகப் பார்க்கும்போது இடமும் வலமும் கறுப்பு விளிம்பே இல்லாதது போல இருக்கும். கையில் எடுத்தால் உண்மையான தடிமனைவிட மெல்லியதாகப் படும். ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தால், உலோகம் எங்கே முடிந்து கண்ணாடி எங்கே தொடங்கியது என்றே தெரியாத வழவழப்பு. அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கப் போனபோது அவர் விரல் வைத்துக் காட்டியதும் அப்படி ஒன்றைத்தான். விலை இருபதாயிரத்துச் சொச்சம். கொஞ்ச காலம் முன்புவரை அந்த விலையில் வளைந்த திரையை நினைத்தே பார்த்திருக்க முடியாது. 2015இல் சாம்சங் எஸ்6 எட்ஜ் வந்தபோது அது பணக்காரப் போன். 2022 டிசம்பரில் ரியல்மி 10 ப்ரோ பிளஸ் 24,999 ரூபாய்க்கு வந்தது, அடுத்த மே மாதம் லாவா அக்னி 2 21,999க்கு வந்தது, 2024 மார்ச்சில் லாவாவின் பிளேஸ் கர்வ் 17,999க்கே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வளைந்த திரை எல்லோர் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அழகு மலிவாகக் கிடைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அழகை எந்தக் கை பிடிக்கப் போகிறது என்ற கேள்வியை யாரும் கடையில் கேட்பதில்லை. அப்பா அந்தப் போனைப் பயன்படுத்த ஆரம்பித்த நாளிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான்.

முதல் வாரமே புகார் வந்தது. “ஏம்மா, இது தொட்டா கேக்கவே மாட்டேங்குது.” நான் வாங்கிப் பார்த்தால் நன்றாகவே வேலை செய்தது. திரும்பக் கொடுத்தால் மறுபடி அதே புகார். விசித்திரம் என்னவென்றால், எண்களை அழுத்திப் போன் பேசுவதில் அவருக்குச் சிக்கலே இல்லை. செய்தித்தாளின் இணையப் பக்கத்தைப் படிக்கும்போதுதான் சிக்கல்: மேலே தள்ளினால் பக்கம் நகராமல் திடீரென்று பெரிதாகும், இல்லை சுருங்கும். வாட்ஸ்அப்பில் இன்னும் மோசம். அவருடைய பழைய அலுவலக நண்பர்கள் குழு ஒருநாள் பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டது. தேடினால் ஆர்க்கைவில் கிடந்தது. யார் போட்டார்கள் என்றால் யாரும் போடவில்லை. கடைக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்த தம்பி திரையை நாலு பக்கமும் தேய்த்துப் பார்த்துவிட்டு, “டச்ல ஒண்ணும் இல்லக்கா, சாருக்குப் பழகணும்” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வயதானவர்கள் போன் விஷயத்தில் சட்டென்று தங்களையே சந்தேகப்படத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நாற்பது வருடம் கணக்குப் பேரேடுகளில் பிசகாமல் வேலை பார்த்த விரல்கள் அவை.

இரண்டாவது விரல்

ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் ஒரு சோதனைக் கருவி ஒளிந்திருக்கிறது. செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் `Build number` என்ற வரியை ஏழு முறை தட்டினால் `Developer options` என்ற பகுதி திறக்கும். சில போன்களில் இந்த வரி வேறு பெயரில் இருக்கும், முறை ஒன்றுதான். உள்ளே போய் `Pointer location` என்பதை இயக்கினால், திரையில் எங்கெல்லாம் தொடுகை பதிகிறதோ அங்கெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் வந்து விழும், விரல் நகர்ந்த தடமும் கூடவே வரையப்படும். திரையின் உச்சியில் ஒரு பட்டையில் `P: 1 / 1` என்று எழுத்து ஓடும். முதல் எண், இந்த நொடியில் எத்தனை விரல்கள் திரைமேல் இருப்பதாகப் போன் நினைக்கிறது என்பது. இரண்டாவது, அதே தொடுகையில் அதிகபட்சம் எத்தனை விரல்கள் பதிந்தன என்பது.

அதை இயக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை அப்பாவிடம் கொடுத்து, வழக்கம்போலச் செய்தி படிக்கச் சொன்னேன். அவர் போனைப் பிடிக்கும் விதம் நான் பிடிப்பதைப் போன்றதல்ல. நான் விரல் நுனிகளால் பக்கங்களைப் பற்றி, அதே கையின் கட்டை விரலால் தட்டுவேன். அவர் இடது கைக்குள் போனை முழுதாக வைத்து, கட்டை விரலின் அடிச் சதை ஒரு பக்கமும் நான்கு விரல்கள் மறுபக்கமும் அணைக்க, வலது ஆள்காட்டி விரலால் தொடுவார். அந்தத் தலைமுறையில் பலர் பிடிப்பது இப்படித்தான். கீழே விழுந்துவிடக் கூடாதென்ற அக்கறையான பிடி. அவர் வலது கையைக் கொண்டுவருவதற்கு முன்பே, திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்து நின்றது. பட்டையில் `P: 1 / 1`. அவர் இன்னும் எதையும் தொடவில்லை. கட்டை விரலின் அடிச் சதை வளைவின் மேல் படுத்திருந்தது, அவ்வளவுதான். பிறகு வலது விரலால் பக்கத்தை மேலே தள்ளினார். பட்டை `P: 2 / 2` ஆனது, பக்கம் பெரிதாகியது.

எனக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. அப்பாவின் புகார் “தொட்டால் கேட்கவில்லை” என்பது. நடந்தது அதற்கு நேர்மாறு. போன் அளவுக்கு மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய உள்ளங்கையை அது முதல் விரலாக எண்ணிக்கொண்டது, ஆகவே உண்மையான விரல் இரண்டாவதாகிப் போனது. இணையப் பக்கத்திலோ படத்திலோ வரைபடத்திலோ இரண்டு விரல் என்றால் பெரிதாக்கு, சிறிதாக்கு என்று அர்த்தம். எண் அழுத்தும் இடத்தில் சிக்கல் வராததற்கும் இதுவே காரணம். அங்கே ஒவ்வொரு பொத்தானும் தன்மேல் விழுந்த விரலைத் தனியாகக் கணக்கிடும், ஓரத்தில் படுத்திருக்கும் உள்ளங்கையால் அதற்குத் தொந்தரவில்லை. வாட்ஸ்அப் குழு ஆர்க்கைவுக்குப் போன கதையும் இதே வகைதான். உரையாடல் பட்டியலில் ஒவ்வொரு வரிசையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை நீளும். அசையாமல் கிட்டத்தட்ட அரை நொடி ஒரு தொடுகை இருந்தால் அது நீண்ட அழுத்தம், உடனே அந்த வரிசை தேர்வாகும், மேலே அழிக்கவும் ஒதுக்கவும் குறிகள் வந்து நிற்கும். அடுத்த தட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது மீதி.

இதனால்தான் இந்தப் பிழையைக் கடையில் கண்டுபிடிக்க முடிவதில்லை. கடைக்காரர் போனை மேசைமேல் வைத்து அல்லது விரல் நுனியில் பிடித்துச் சோதிக்கிறார். அந்த நிலையில் எந்தக் குறையும் இருக்காது. தவறாகத் தொடுபட்டது என்றால் தேவையில்லாத ஒன்று திறந்துகொள்ளும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. செய்ய நினைத்தது நடக்காமல் போகும், அவ்வளவுதான். அதனால் பழி கைமேல் விழுகிறது, வயதின்மேல் விழுகிறது, நெட்வொர்க்மேல்கூட விழுகிறது. ஓரத்தின்மேல் மட்டும் விழுவதில்லை.

விளிம்பு எதற்கு இருந்தது

சாப்பாட்டுத் தட்டுக்கு விளிம்பு வைப்பது கட்டை விரல் குழம்பில் படாமல் தூக்குவதற்காக. பழைய போன்களின் கறுப்பு விளிம்பும் பாதி அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. வீணான இடம் என்று விளம்பரங்கள் அதைத் திட்டின. கண்ணுக்கு அது வீண், கைக்கு அது பிடி. தட்டைத் திரையில் விளிம்பு எவ்வளவு மெலிந்தாலும், சட்டத்தின் பக்கவாட்டுச் சுவர் நேராக நிற்கிறது. விரல் அந்தச் சுவரைப் பிடிக்கிறது, திரை அதற்குச் செங்குத்தாக வேறு தளத்தில் இருக்கிறது. வளைந்த திரையில் கண்ணாடியே பக்கவாட்டுக்கு இறங்கி வருகிறது, அதற்குக் கீழே உலோகச் சட்டம் ஒரு மெல்லிய கோடாக மிஞ்சுகிறது. நீங்கள் பக்கத்தைப் பிடிப்பதாக நினைத்துப் பிடிப்பது திரையைத்தான்.

உற்பத்தியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தொடுகையைப் பதியும் சில்லின் மென்பொருள், ஒவ்வொரு தொடுகையின் அளவையும் வடிவத்தையும் பார்க்கிறது. ஓரத்தையொட்டி நீளமாக, அகலம் குறைவாக, அசையாமல் இருந்தால் அது பிடி என்று ஒதுக்கிவிடும். ஓரத்தில் தொடங்கி உள்ளே நகர்ந்தால் அது சைகை என்று ஏற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது, ஏனென்றால் ஓரத்தில் நாம் உண்மையாகவே தொட வேண்டிய பொருள்களும் இருக்கின்றன. ஆங்கில விசைப்பலகையில் க்யூவும் ஏயும் இடது கடைசியில், பீயும் எல்லும் வலது கடைசியில். தமிழ் விசைப்பலகையிலும் அப்படி இரண்டு பக்கமும் எழுத்துகள் உண்டு. போதாததற்கு 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, பின்னால் போவதற்கான சைகையையே இரண்டு ஓரங்களிலும் கொண்டுபோய் வைத்தது. ஓரத்தை அதிகம் மரத்துப்போகச் செய்தால் இந்தத் தொடுகைகள் விட்டுப்போகும். குறைவாகச் செய்தால் உள்ளங்கை விரலாகிவிடும். இது ஒரே தராசின் இரு தட்டுகள், ஒன்றை உயர்த்தாமல் மற்றொன்றைத் தாழ்த்த முடியாது. வியர்த்த கையோ ஈரக் கையோ ஆனால் தொடுபரப்பு பரவி, வடிவத்தை வைத்து ஊகிப்பது இன்னும் கடினமாகும். நம் ஊர் மே மாதத்தில் இது சின்ன விஷயமல்ல.

2020இல் வந்த மோட்டோரோலா எட்ஜ் போன்களில் திரை கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். அதில் ஒரு செயலி வளைவுவரை பரவ வேண்டுமா, தட்டையான பகுதியோடு நிற்க வேண்டுமா என்று நாமே தீர்மானிக்கும் வசதியையும் வைத்தார்கள். எனக்கு அது நேர்மையான வசதியாகப் பட்டது, கூடவே ஒரு ஒப்புதலாகவும். சாம்சங்கும் தன்னுடைய குட் லாக் செயலியில் எட்ஜ்டச் என்ற துணைக் கருவியைக் கொடுத்தது. ஓரத்தில் எவ்வளவு அகலத்துக்குத் தொடுகையைத் தடுக்க வேண்டும் என்று அதில் வரையறுத்துக்கொள்ளலாம். அப்பாவின் போனில் இப்படி எதுவும் இல்லை. விலை குறைந்த போன்களுக்கு வளைவு இறங்கி வந்த வேகத்தில் இந்தக் கவனம் இறங்கி வரவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

பேக் கவர் போட்டால் சரியாகுமா

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான்: நல்ல பேக் கவர் போடு, கை தள்ளி நிற்கும். பாதி உண்மை. தட்டைத் திரைப் போனுக்கு வரும் சாதாரண ரப்பர் கவரில் நான்கு பக்கமும் திரைக்கு மேலே ஒரு வரப்பு எழும்பி நிற்கும். அந்த வரப்பு போனைக் கவிழ்த்து வைத்தால் கண்ணாடி மேசையில் படாமல் காக்கும், கூடவே உள்ளங்கையையும் தள்ளி நிறுத்தும். வளைந்த போனில் நீண்ட பக்கங்களில் அந்த வரப்பை எழுப்ப இடமில்லை. எழுப்பினால் வளைவை மூடிவிடும், எந்த அழகுக்காக வாங்கினோமோ அது போய்விடும், பின்னால் போகும் சைகைக்கு விரல் இறங்க வழியும் இருக்காது. ஆகவே கவர் செய்பவர்கள் பக்கச் சுவரைத் தாழ்த்திவிட்டு, நான்கு மூலைகளில் மட்டும் உயரமாக வைக்கிறார்கள். மூலையில் விழுந்தால் காப்பாற்றும். தட்டையான தரையில் கவிழ்ந்தாலும் மூலைகள் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு கல்லின்மேலோ படிக்கட்டு விளிம்பிலோ விழுந்தால் முதல் அடி கண்ணாடிக்குத்தான்.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் பழகிய பிறகுதான் தெரியவரும். பக்கச் சட்டம் மெல்லியதாக இருப்பதால் கவர் பற்றிக்கொள்ளப் பிடிமானம் குறைவு. ரப்பர் கவர் சில மாதங்களில் இளகும்போது நீண்ட பக்கத்தின் நடுப்பகுதி வெளியே விரிந்து, சட்டைப் பையில் போட்டு எடுக்கும்போது கழன்றுகொள்ளும். மாற்றுக் கவர் வாங்கப் போனால், அந்த மாடலுக்கு இரண்டு மூன்று வகைதான் இருக்கும், அவையும் பெரும்பாலும் பளபளக்கும் ஒளிபுகும் கவர்கள். அப்பாவுக்குக் கடைசியில் உதவியது கடைத்தெருவில் கிடைத்த ஒரு சாதாரணக் கறுப்புக் கவர். அதன் பக்கச் சுவர் உயரமில்லை, ஆனால் தடிமன் அதிகம். உயரம் இல்லாவிட்டாலும் தடிமன் கையை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது, கட்டை விரலின் அடிச் சதை வளைவைத் தொடுவதற்கு முன்பே கவரில் தங்கிவிடுகிறது. `Pointer location` போட்டுப் பார்த்தேன். இடது ஓரத்துக் கோடு எப்போதாவதுதான் விழுந்தது. கவர் வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்தத் தடிமனைத்தான். ஒல்லியான கவர் வளைந்த போனுக்கு அழகாகப் பொருந்தும், தொடுகைக்கு ஒரு பயனும் தராது.

டெம்பர் என்னும் தனிக் கதை

தட்டைத் திரைக்கு டெம்பர் கிளாஸ் என்பது தெருமுனைக் கடையில் நூறு ரூபாய்ப் பொருள். மாடலுக்கென்று இல்லாவிட்டாலும், அளவும் கேமரா ஓட்டையும் ஒத்துப்போகிற வேறு மாடலின் கண்ணாடியை ஒட்டிவிடுவார்கள். வளைந்த திரையில் இந்தச் சௌகரியம் கிடையாது. வளைவின் ஆரம் மாடலுக்கு மாடல் மாறுகிறது, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பில் கண்ணாடியை வளைத்தாக வேண்டும். அதிகம் விற்காத மாடலுக்கு அந்த வார்ப்பை யாரும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். போன் வந்து இரண்டு வருடம் கழித்து டெம்பர் தேடுகிறவர் இதை உணர்வார்.

சில கடைகளில் வளைந்த திரையின் நடுவிலுள்ள தட்டைப் பகுதியை மட்டும் மூடும் சாதாரணக் கண்ணாடியை ஒட்டிவிடுகிறார்கள். உடையக்கூடிய ஓரம் திறந்தே இருக்கும், விரல் ஒவ்வொரு முறையும் கண்ணாடியின் முனையில் தட்டும். அதைவிட வாங்காமல் இருக்கலாம். அடுத்தது, கறுப்பு விளிம்போடு முழுதாக வளைந்து வரும் கண்ணாடி. அதில் பசை விளிம்பில் மட்டும் இருக்கும், நடுவில் காற்று நிற்கும். தொடுகை மந்தமாகும், திரைக்குள் இருக்கும் கைரேகை வாசிப்பான் வேலை செய்யாது. ஒளியால் படம் பிடிக்கும் வாசிப்பானுக்கும் அந்தக் காற்றடுக்கு இடைஞ்சல், ஒலியலையால் வாசிப்பதற்கு இன்னும் பெரிய இடைஞ்சல். அதோடு, பேக் கவரின் சுவர் இந்தக் கண்ணாடியின் முனையில் முட்டி மெல்ல மேலே கிளப்பிவிடும். நீண்ட பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான் காரணம்.

மூன்றாவதுதான் எல்லோரும் பேசும் யூவி டெம்பர். திரையின் நடுவில் திரவப் பசையை ஊற்றி, வளைந்த கண்ணாடியை மேலே இறக்கி, பசை ஓரம்வரை பரவியபின் புற ஊதா விளக்கைக் காட்டி இறுக்குவார்கள். நன்றாகச் செய்தால் இதைவிட நல்ல பாதுகாப்பு வளைந்த திரைக்கு இல்லை. காற்றில்லை, கைரேகையை மறுபடி பதிந்துகொண்டால் வேலை செய்யும், தெளிவும் குறையாது. கெட்டுப்போவது எப்போதும் பசை வழியும்போதுதான். விளக்கைக் காட்டுவதற்கு முன் அது எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே போகும்: காது வைக்கும் ஒலித்துளை, பக்கவாட்டுப் பொத்தான்கள், கீழே ஒலிபெருக்கி. உள்ளே போய் இறுகிவிட்டால் எடுக்க முடியாது. அடுத்த நாள் பேசும்போது எதிர்முனைக் குரல் சன்னமாகக் கேட்டாலோ, பொத்தான் அழுத்தும்போது ‘டிக்’ என்ற உணர்வு போய்விட்டாலோ பசை உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ஷாவ்மி 2024இல் இந்தத் திரவப் பசை வேண்டாம் என்று தன் வாடிக்கையாளர்களுக்கு வெளிப்படையாகவே சொன்னது. இதை ஒட்டப் போகிறவர்கள், கடைக்காரர் துளைகளையும் பொத்தான்களையும் டேப் போட்டு மூடுகிறாரா என்று நின்று பார்க்க வேண்டும். மூடவில்லை என்றால் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

மிஞ்சுவது மெல்லிய படலம். கடைகளில் ஒரு சிறு வெட்டும் இயந்திரம் இருக்கும். மாடலைத் தேர்ந்தெடுத்தால் ஜெல் போன்ற பிளாஸ்டிக் தாளை அளவாக வெட்டித் தரும். வார்ப்பு வேண்டியதில்லை, வரைபடம் இருந்தால் போதும், அதனால் எவ்வளவு பழைய மாடலுக்கும் கிடைக்கும். வளைவில் படிந்து உட்காரும், கவர் முட்டாது, கைரேகை வேலை செய்யும். கீறலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். விழுந்தால் காப்பாற்றாது, அதைத் தெரிந்துகொண்டுதான் ஒட்ட வேண்டும். அப்பாவின் போனுக்கு நாங்கள் போட்டது இதுதான். இதற்கு முன் ஒட்டியிருந்த காற்றடுக்குக் கண்ணாடி தொடுகையை மந்தமாக்கியதால், தொடு உணர்திறனைக் கூட்டும் வசதியைக் கடைத் தம்பி செட்டிங்ஸில் இயக்கிவைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலிருந்தும் விரல் தெரிய வேண்டும் என்பதற்காக இருக்கும் வசதி அது. விரலை நன்றாகத் தெரிந்துகொள்ளும் அதே உணர்திறன் உள்ளங்கையையும் நன்றாகத் தெரிந்துகொண்டது. அதை அணைத்ததும் பாதிப் புகார் போய்விட்டது. வளைந்த போன் வைத்திருப்பவர்கள், தொடுகை தடுமாறினால் முதலில் இந்த வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

இப்படி ஒவ்வொன்றாக அவிழ்த்தபின் எனக்குப் பட்டது ஒன்று. தவறுதலான தொடுகை, பொருந்தாத கவர், கிடைக்காத டெம்பர் மூன்றும் தனித்தனிக் குறைகள் அல்ல. திரையின் ஓரத்தில் சுமார் இரண்டு மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. கைக்குப் பிடிக்க அது வேண்டும். கவருக்கு வரப்பு எழுப்ப அது வேண்டும். கண்ணாடிக்குத் தட்டையாக உட்கார அது வேண்டும். வளைவு அந்த இடத்தை எடுத்துக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டது. கண்ணுக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை: வெள்ளைப் பக்கம் திறந்தால் ஓரங்களில் லேசான நீலமோ பச்சையோ தெரியும், டியூப்லைட் வெளிச்சம் வளைவில் ஒரு நீளக் கோடாக ஓடும், வரியின் கடைசி எழுத்து சரிவில் போய் நிற்கும்.

திரும்பி வந்த தட்டை

பெரிய நிறுவனங்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டதாகவே தோன்றுகிறது. ஹுவாவே 2019இல் மேட் 30 ப்ரோவின் பக்கங்களைக் கிட்டத்தட்ட முழுவதும் திரையாக்கி, ஒலி கூட்டும் பொத்தானைக்கூடத் திரையிலேயே வைத்தது. அடுத்த வருடம் மேட் 40 ப்ரோவில் பொத்தான் திரும்ப வந்துவிட்டது. சாம்சங் 2021இல் எஸ்21ஐத் தட்டையாக்கியது, 2024இல் எஸ்24 அல்ட்ராவையும். அல்ட்ராவில் பேனா உண்டு. வளைந்த ஓரத்தில் பேனா முனை வழுக்குவதைக் கையில் வைத்து எழுதியவர்கள் அறிவார்கள். கூகுளின் பிக்சல் 7 ப்ரோ வளைவு, 2023இல் வந்த 8 ப்ரோ தட்டை. விலை உயர்ந்த போன்கள் வளைவைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் நம் ஊர் இருபதாயிர ரூபாய்ப் போன்களில் வளைவு பெருமையாக விற்கப்பட்டது. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த விலையில் போன் வாங்குகிறவர்தான் அதை நான்கு வருடம் வைத்திருப்பார், நூறு ரூபாய் டெம்பரை நம்பியிருப்பார், திரை உடைந்தால் மாற்றுகிற செலவைப் பார்த்து மலைப்பார்.

இப்போது சில போன்களில் நான்கு பக்கமும் மிக லேசாக வளைந்த கண்ணாடி வருகிறது. திரை தட்டை, கண்ணாடியின் முனை மட்டும் இறங்குகிறது. ஓரத்து வழவழப்பு பெருமளவு கிடைக்கிறது, தொடுகைச் சிக்கல் குறைவு. டெம்பர் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் முனை இறங்குகிற எந்தக் கண்ணாடிக்கும் தனி வார்ப்பு தேவை. ஓரத்து அழகு வேண்டும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முழு வளைவையே வாங்குவதென்றால், கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனை யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர் கையில் கொடுங்கள். அவர் வழக்கமாகப் பிடிப்பது போலவே பிடித்து, ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் நகர்த்தட்டும். பக்கம் தானாகப் பெரிதானால் அந்தக் கைக்கு அந்தப் போன் வேண்டாம். விரல் நுனியில் பிடிக்கிற கைக்கு எந்தச் சிக்கலும் வராது. என் தங்கை வளைந்த போன்தான் வைத்திருக்கிறாள், படலம் மட்டும் ஒட்டியிருக்கிறாள், ஒருநாளும் புகார் சொன்னதில்லை. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, பிடிக்கிறது முழுக் கையால் என்றால், பக்கச் சுவர் தடித்த கவரும் வெட்டி ஒட்டும் படலமும் போதும். பின்னால் போகும் சைகையை விட்டுவிட்டு, கீழே மூன்று பொத்தான் வரும் பழைய முறைக்கு மாற்றிவிட்டால் ஓரத்துக்கு விரல் போக வேண்டிய தேவையே பாதி குறையும். அப்பாவுக்கு அந்த மூன்று பொத்தான்தான் முதலிலிருந்தே பிடிக்கும், அதையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.